வட்டத்தில் வேகம் கூடிக்கொண்டே போகும் துகள்: dv/dt மட்டும் ஏன் போதாது?

கேள்வி (பாலக்கோடு, பிளஸ் ஒன்): 6 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்துல ஒரு துகள் சுத்துது. அதோட வேகம் v = 1 + 0.5t² (மீ/வி). t = 2 நொடியில முடுக்கம் எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க. நான் dv/dt எடுத்து 2 போட்டேன். விடை 2.5னு இருக்கு. மிச்சம் 0.5 எங்கேருந்து வந்துச்சு? கூடப் படிக்கிற பையன் 3.5ங்கறான்.

பதில்:

0.5 அளவில் ஒரு முடுக்கம் அங்கே எங்கும் இல்லை. நீங்கள் விட்டது 1.5 மீ/வி². அது நீங்கள் கண்டுபிடித்த 2-க்குச் செங்குத்தாக நிற்கிறது. செங்குத்தாக நிற்கும் இரண்டைச் சேர்த்தால் 3.5 வராது, √(2² + 1.5²) = 2.5 தான் வரும். உங்கள் நண்பர் இரண்டு முடுக்கங்களையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, கூட்டும் இடத்தில் தவறியிருக்கிறார். நீங்கள் ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மற்றதைத் தேடவே இல்லை.

கேள்வியில் கொடுத்திருக்கும் v என்பது வெறும் வேகம், அதாவது ஸ்பீடோமீட்டர் முள் காட்டும் எண். அதில் திசை இல்லை. அதை வகையிட்டால் கிடைப்பதும் அந்த எண் ஒரு நொடிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது மட்டுமே. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். திசைவேகத்துக்கு நீளமும் உண்டு, திசையும் உண்டு. வட்டத்தில் போகும் துகளுக்கு இரண்டுமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. நீளம் மாறுவதை dv/dt சொல்லிவிடும். திசை மாறுவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நீளம் மாறுவதால் வருவது தொடுகோட்டு முடுக்கம். அது துகள் போகும் திசையிலேயே இருக்கும். திசை மாறுவதால் வருவது ஆர முடுக்கம், பாடப்புத்தகத்தில் மையநோக்கு முடுக்கம் என்று இருப்பதும் இதுவே. அது மையத்தை நோக்கி இருக்கும்.

```
a_t = dv/dt
a_r = v²/R
a   = √(a_t² + a_r²)
tan φ = a_r / a_t     (φ: தொடுகோட்டிலிருந்து அளந்த கோணம்)
```

உங்கள் கணக்கில் dv/dt = t. ஆகவே t = 2-ல் a_t = 2 மீ/வி². அதே நொடியில் v = 1 + 0.5 × 4 = 3 மீ/வி. ஆகவே a_r = 9/6 = 1.5 மீ/வி². தொகுபயன் 2.5 மீ/வி². tan φ = 0.75, அதாவது தொடுகோட்டிலிருந்து மையத்தின் பக்கமாக ஏறக்குறைய 37° சாய்ந்திருக்கிறது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் v²/R எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது எண்களை வைத்துப் பார்க்காவிட்டால் அடுத்த கணக்கிலும் அது விட்டுப்போகும். அதைப் பார்த்துவிடுவோம்.

நோட்டில் ஒரு வட்டம் வரையுங்கள். t = 2-ல் துகள் இருக்கும் புள்ளியில் ஒரு தொடுகோடு போடுங்கள். அந்த நேரத்தில் திசைவேக அம்பு முழுக்க அந்தக் கோட்டின் மேலேயே கிடக்கிறது, நீளம் 3. மையத்தின் பக்கமாக அதற்குப் பங்கு எதுவும் இல்லை. இனி பத்தில் ஒரு நொடி தள்ளி, t = 2.1-ல் பாருங்கள். வேகம் 1 + 0.5 × 4.41 = 3.205 ஆகிவிட்டது. அதற்குள் துகள் போன தூரம் தெரிய வேண்டும். v-யைத் தொகையிட்டால் s = t + t³/6. அதில் 2.1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் 0.310 மீட்டர். அதை ஆரம் 6 ஆல் வகுத்தால் துகள் திரும்பிய கோணம் 0.0517 ரேடியன், மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவு. துகள் எவ்வளவு கோணம் திரும்பியதோ அதே கோணம்தான் அம்பும் திரும்பியிருக்கும், ஏனென்றால் அம்பு எப்போதும் ஆரத்துக்குச் செங்குத்து.

இப்போது இந்தப் புது அம்பைப் பழைய தொடுகோட்டின் மேல் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். தொடுகோட்டின் திசையில் 3.205 × cos(0.0517) = 3.2007. முன்பு 3 இருந்தது, கூடியது 0.2007. அதை 0.1 நொடியால் வகுத்தால் 2.007 மீ/வி². மையத்தின் திசையில் 3.205 × sin(0.0517) = 0.1656. முன்பு அந்தப் பக்கம் சைபர். அதையும் 0.1 ஆல் வகுத்தால் 1.656 மீ/வி². எடுத்த இடைவெளி பெரியது என்பதால்தான் 1.5-க்குச் சற்று மேலே நிற்கிறது. இதையே 0.01 நொடிக்குச் செய்தால் தொடுகோட்டுத் திசையில் 2.001, மையத்தின் திசையில் 1.515 வரும். இடைவெளியைக் குறைக்கக் குறைக்க முதலாவது 2-ஐயும் இரண்டாவது 1.5-ஐயும் நெருங்கும். நீங்கள் விட்ட 1.5 இதுதான். கால்குலேட்டரில் ரேடியன் முறை வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிகிரி முறையில் sin(0.0517) போட்டால் 0.0009 என்று வந்து, ஆர முடுக்கமே காணாமல் போய்விடும்.

இதை எழுத்தில் வைத்தால் v²/R தானாக வந்துவிடும். சிறிய Δt நேரத்தில் அம்பு திரும்பும் கோணம் v Δt / R. நீளம் v உள்ள அம்பு அந்தக் கோணம் திரும்பினால் அதன் நுனி பக்கவாட்டில் நகர்வது v × (v Δt / R). Δt ஆல் வகுத்தால் v²/R. v ஏன் இரண்டு முறை வருகிறது என்பதைக் கவனியுங்கள். அம்பு நீளமாக இருப்பதால் ஒருமுறை, துகள் வேகமாகப் போய் அம்பைச் சீக்கிரம் திருப்புவதால் இன்னொரு முறை. இதில் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்ற பேச்சே இல்லை. அந்த நொடியில் வேகம் எவ்வளவு என்பது மட்டும் போதும். ஆகவே சீரான வட்ட இயக்கத்துக்குப் படித்த v²/R, வேகம் மாறும் இயக்கத்துக்கும் அப்படியே செல்லும். ஒரே நிபந்தனை, v என்ற இடத்தில் அந்தக் கணத்தின் வேகத்தைப் போட வேண்டும்.

சுருக்கமாக, தொடுகோட்டு முடுக்கத்துக்கு v-யின் சரிவு வேண்டும், ஆர முடுக்கத்துக்கு v-யின் மதிப்பு வேண்டும். இதை மாற்றிச் செய்பவர்கள் நிறையப் பேர். t = 2-ஐ முதலிலேயே போட்டு v = 3 என்று ஆக்கிவிட்டு, பிறகு 3-ஐ வகையிட்டு a_t = 0 என்று எழுதுவார்கள். முதலில் வகையிட வேண்டும், பிறகுதான் நேரத்தைப் போட வேண்டும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் இன்னும் இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். ஒன்று, (3 − 1)/2 = 1 என்று எடுத்து அதைத் தொடுகோட்டு முடுக்கம் என்பது. அது முதல் இரண்டு நொடிகளின் சராசரி. v = 4t மாதிரி நேர்கோட்டு வரைபடமாக இருந்தால் சராசரியும் கணநேர மதிப்பும் ஒன்றாக இருக்கும், அதனால் அந்த வகைக் கணக்குகளில் இந்தப் பிழை வெளியே தெரியாது. t² வந்ததும் மாட்டிக்கொள்வோம். இரண்டாவது, v = u + at-ஐ இழுத்து வருவது. a = 2 என்று போட்டால் 1 + 2 × 2 = 5 வரும், ஆனால் உண்மையான வேகம் 3. தொடுகோட்டு முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே அந்தச் சமன்பாடு செல்லும். அப்போதும் a என்ற இடத்தில் போட வேண்டியது a_t தான். தொகுபயன் 2.5-ஐ அதில் போடவே கூடாது, ஏனென்றால் ஆர முடுக்கம் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

அலகும் ஒரு பொறி. கணக்கில் ஆரம் 60 செ.மீ. என்றும் வேகம் மீ/வி என்றும் கொடுத்திருந்தால், 9/60 = 0.15 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். சரியான மதிப்பு 9/0.6 = 15. நூறு மடங்கு வித்தியாசம். ஆர முடுக்கம் தொடுகோட்டு முடுக்கத்துக்குப் பக்கத்திலேயே வராமல் சுண்டிப்போனால், முதலில் செ.மீ.-யைச் சந்தேகப்படுங்கள். விடையைச் சரிபார்க்க இன்னொரு எளிய வழியும் உண்டு. தொகுபயன், இரண்டில் பெரியதை விடக் குறையவும் கூடாது, இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டவும் கூடாது. இங்கே 2-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

கோணத்தைச் சொல்லும்போது எந்தக் கோட்டிலிருந்து அளந்தது என்று எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும். தொடுகோட்டிலிருந்து 36.9°, ஆரத்திலிருந்து 53.1°. இரண்டும் ஒரே அம்புதான்.

இனி கேள்வி கேட்காத ஒன்று. t = 2 என்று ஒரே ஒரு நொடியைக் கேட்டதால் இது தெரியாமல் போகிறது, ஆனால் இந்த v-யில் இருக்கும் நல்ல விஷயமே இதுதான். தொடக்கத்தில், t = 0-ல், dv/dt சைபர். ஆனால் வேகம் 1 மீ/வி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அப்போது இருப்பது ஆர முடுக்கம் மட்டுமே, 1/6 = 0.17 மீ/வி², அம்பு நேராக மையத்தைப் பார்க்கிறது. t = 0.17 நொடியிலேயே இரண்டும் சமமாகிவிடுகின்றன, அதன் பிறகு தொடுகோட்டு முடுக்கம் முந்துகிறது. t = 1-ல் a_t = 1, a_r = 0.375, கோணம் 21° தான். ஆனால் வேகம் இருமடியாக உள்ளே போவதால் ஆர முடுக்கம் துரத்திக்கொண்டு வருகிறது. t = 2.35-ல் மறுபடியும் சமம். t = 3-ல் a_t = 3, a_r = 5.04. t = 4-ல் a_t = 4, a_r = 13.5, கோணம் 73°. அம்பு முதலில் மையத்திலிருந்து முன்பக்கம் விலகிப் போய், பிறகு திரும்பவும் மையத்தை நோக்கி வருகிறது. நெடுநேரத்துக்கு a_t, t போல வளர்கிறது, a_r, t⁴ போல வளர்கிறது. அதனால் இந்தப் பந்தயத்தில் கடைசியில் ஜெயிப்பது ஆர முடுக்கம்தான்.

இதை நேரில் உணர வேண்டுமென்றால் ஒரு குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சி மாதிரி ஒரு மைதானத்தில், தரைக்குச் சமமாகச் சுற்றும் ராட்டினம். மையத்திலிருந்து 6 மீட்டரில் அதன் பலகையில் ஒருவர் எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார், வேகம் நம் v = 1 + 0.5t² படியே கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகைக்கும் அவருக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.4 என்று எடுத்துக்கொண்டால், உராய்வு அவருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச முடுக்கம் 0.4 × 9.8 = 3.92 மீ/வி². அவரை முன்னே தள்ளுவதற்கும் உள்ளே திருப்புவதற்கும் இருப்பது இந்த ஒரே உராய்வுதான். எப்போது வழுக்குவார்?

ஆர முடுக்கத்தை மட்டும் பார்த்தால், v²/6 = 3.92, v = 4.85, t = 2.77 நொடி என்று வரும். தொடுகோட்டு முடுக்கத்தை மட்டும் பார்த்தால் t = 3.92 நொடி வரை தாங்கும் என்று தோன்றும். இரண்டும் தவறு. √(t² + (v²/6)²) = 3.92 ஆக வேண்டும். t = 2.5 போட்டால் v = 4.125, a_r = 2.84, தொகுபயன் 3.78. இன்னும் தாங்குகிறது. t = 2.55 போட்டால் v = 4.25, a_r = 3.01, தொகுபயன் 3.95. தாண்டிவிட்டது. நடுவில் தேடினால் 2.54 நொடியில் வழுக்குகிறார். இந்த மாதிரிச் சமன்பாட்டுக்கு நேரடியாகத் தீர்வு எழுத முயல வேண்டாம், இப்படி எண்களைப் போட்டு நெருங்குவதுதான் வேகமான வழி.

எந்தப் பக்கம் வழுக்குவார் என்பதிலும் இதே முக்கோணம்தான். அந்த நேரத்தில் a_t = 2.54, a_r = 2.98. உராய்வு முன்னும் உள்ளுமாக, தொடுகோட்டிலிருந்து ஏறக்குறைய 50° சாய்ந்து இழுக்கிறது. அது போதாமல் போகும் அந்தக் கணத்தில் பலகையைப் பொறுத்து அவர் சரிவது அதற்கு நேரெதிர்ப் பக்கம், பின்னும் வெளியுமாக. நேராக வெளியே மட்டும் வீசப்படுவார் என்று சொல்வது வேகம் மாறாத ராட்டினத்துக்கே பொருந்தும்.

t = 4-ல் வந்த 13.5 மீ/வி² புவியீர்ப்பு முடுக்கத்தையே தாண்டுகிறது. இந்த மாதிரிக் குடை ராட்டினம் எதையும் பிடிக்காத ஆட்களை ஏற்றிக்கொண்டு அப்படி ஓட முடியாது. கொடுத்த v(t) எந்த நேரம் வரைக்கும் செல்லும் என்பதைக் கணக்கு சொல்லாவிட்டாலும், நிஜப் பொருளுக்குப் பொருத்தும்போது அந்த எல்லையை நாம்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, செங்குத்தாகச் சுற்றும் ஜயன்ட் வீலாக இருந்தாலும் a_t, a_r காணும் முறை மாறாது. அங்கே எடையும் சேர்வதால் இருக்கை தரும் விசை மட்டும் மாறும். முடுக்கம் இயக்கத்திலிருந்து வருகிறது, அதைக் கண்டுபிடிக்க விசைகளைத் தேட வேண்டியதில்லை.

வேகத்தை நேரத்தில் கொடுக்காமல், போன தூரம் s-ல் கொடுத்திருந்தால் dv/dt-ஐ நேரடியாக எடுக்க முடியாது, a_t = v dv/ds என்று எடுக்க வேண்டும். v = 2s என்றிருந்தால் a_t = 2 அல்ல, 2s × 2 = 4s. ஆர முடுக்கத்துக்கு எந்த மாற்றமும் இல்லை.

கடைசியாக, வேகம் குறையும்போது. தொப்பூர் கணவாயில் தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் ஒரு லாரி, 90 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவுக்குள் 15 மீ/வி, அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் நுழைந்த பிறகுதான் பிரேக் போடுகிறது, v = 15 − 2t என்று வைத்துக்கொள்வோம் (இந்த எண்கள் கணக்குக்காக எடுத்தவை). a_t = −2. குறை அடையாளத்துக்குப் பொருள், அம்பு பின்பக்கம் பார்க்கிறது என்பது. வளைவின் தொடக்கத்தில் a_r = 225/90 = 2.5, தொகுபயன் √(4 + 6.25) = 3.2 மீ/வி², உள்ளும் பின்னுமாக. மூன்று நொடி கழித்து வேகம் 9-க்கு இறங்கியதும் a_r = 0.9, தொகுபயன் 2.2 தான். சரிவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், டயருக்கும் சாலைக்கும் இடையே பிடிப்பு அதிகமாகத் தேவைப்படுவது பிரேக்கை மிதித்த முதல் நொடியில், வேகம் இன்னும் குறையாத இடத்தில். வளைவுக்கு முந்தைய நேர்ப்பாதையிலேயே 9-க்குக் கொண்டுவந்துவிட்டால் வளைவுக்குள் தேவைப்படுவது 0.9 மட்டும்.